முதலாளிக்கு நல்ல ஸ்கோர், நிறுவனத்துக்கு ஏன் இல்லை?

சொந்த வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டுகிற ஒருவர் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய சப்ளையர் ஒருவரிடம் 30 நாள் கடனில் காகிதம் கேட்கிறார். இரண்டு நாளில் பதில் வருகிறது: முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால்தான் சரக்கு. தன் கிரெடிட் ஸ்கோரை எடுத்துக் காட்டலாமா என்று அவருக்குத் தோன்றும். காட்டினாலும் பெரிய பயன் இருக்காது. சப்ளையர் பார்த்தது அவருடைய ஸ்கோரை அல்ல, அச்சகத்தின் ஸ்கோரை.

இரண்டும் தனித்தனிக் கோப்புகள். எழுதுகிறவர்கள் வேறு, கணக்கிடும் முறை வேறு, பார்க்கும் உரிமை உள்ளவர்களும் வேறு. புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் கணக்கிடும் முறைதான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாகப் புரியும்.

எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்

தனிநபர் ஸ்கோர் மூன்று இலக்கத்தில் வரும். அமெரிக்காவில் வழங்கும் ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரை, இந்தியாவில் வழங்கும் சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. எண் கூடினால் நல்லது. நிறுவன ஸ்கோரில் இப்படி ஒரே வழக்கம் கிடையாது. நிறுவனங்களின் கடன் விவரங்களைத் திரட்டும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தருகிற பேடெக்ஸ் ஸ்கோர் 100 வரை போகும், கூடினால் நல்லது. சிபில் சிறு நிறுவனங்களுக்குத் தரும் ரேங்க் 1 முதல் 10 வரை, அதில் 1தான் சிறந்தது. ‘எங்களுக்கு 9 வந்திருக்கிறது’ என்று ஒருவர் மகிழ்ச்சியாகச் சொன்னால், எந்த அளவுகோலில் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

எனவே அறிக்கை கையில் வந்ததும் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அது எந்த ஸ்கோர், எந்தப் பக்கம் நல்ல பக்கம், எதை வைத்துக் கணக்கிட்டார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். சில ஸ்கோர்கள் வங்கிக் கடன்களை வைத்து வருபவை. சில, சப்ளையர்களுக்குப் பணம் கட்டிய விதத்தை வைத்து வருபவை. ஃபைகோவின் சிறுதொழில் ஸ்கோர் போன்றவை முதலாளியின் தனிநபர் விவரத்தையும் நிறுவனத்தின் விவரத்தையும் கலந்து 0 முதல் 300 வரை ஓர் எண் தருகின்றன.

இந்தக் கட்டுரையில் பேடெக்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எத்தனை நாள் தாமதத்துக்கு எத்தனை புள்ளி என்பது அதில் வெளிப்படையாக இருக்கிறது. நிறுவன ஸ்கோர் எப்படி யோசிக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

ஒரே தாமதம், இரண்டு விதமான கணக்கு

தனிநபர் ஸ்கோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் நிற்கிறது. வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா, கொடுத்த வரம்பில் எவ்வளவைப் பயன்படுத்தி வைத்திருக்கிறீர்கள். ஃபைகோ ஸ்கோரில் முதலாவதற்கு 35 சதவீத எடை, இரண்டாவது அடங்கிய பகுதிக்கு 30 சதவீதம். சீக்கிரம் கட்டியதற்குத் தனியாக மதிப்பெண் இல்லை. கெடுவுக்குப் பத்து நாள் முன்னால் கட்டினாலும் கெடுவன்று கட்டினாலும், கட்டியாயிற்று, அவ்வளவுதான். தாமதத்திலும் கொஞ்சம் இடம் கொடுக்கிற முறைகள் உண்டு. அமெரிக்காவில் பொதுவாகத் தவணை 30 நாள் தாண்டிய பிறகுதான் தனிநபர் கோப்பில் தாமதம் என்று ஏறும். அதற்குள் கட்டிவிட்டால் அபராதம் போகும், கோப்பு தப்பிக்கும். இந்திய அறிக்கைகளில் கெடு தாண்டிய நாட்களின் எண்ணிக்கையே பதிவாகும்.

பேடெக்ஸ் இந்த இரண்டிலும் வேறு மாதிரி. கடன் வரம்பில் எத்தனை சதவீதம் பயன்படுத்தினீர்கள் என்று அது பார்ப்பதில்லை. பில்லில் ஒப்புக்கொண்ட கெடுவுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று மட்டும் பார்க்கிறது. கெடுவன்று சரியாகக் கட்டினால் 80. இருபது நாள் முன்னால் கட்டினால் 90, முப்பது நாள் முன்னால் கட்டினால் 100. பிந்தினால் இறக்கம் இப்படிப் போகும்: 15 நாள் பிந்தினால் 70, 22 நாள் என்றால் 60, 30 நாள் என்றால் 50, 60 நாள் என்றால் 40, 90 நாள் என்றால் 30.

இதில் கவனிக்க வேண்டியது, இறக்கம் தொடக்கத்தில்தான் செங்குத்தாக இருக்கிறது என்பது. முதல் 30 நாளிலேயே 30 புள்ளி போய்விடுகிறது. அதற்குப் பிறகு 10 புள்ளி இறங்க இன்னும் 30 நாள் ஆகிறது. தனிநபர் கடனில் ‘ஒரு வாரம்தானே, பரவாயில்லை’ என்று பழகியவர்கள் நிறுவன பில்லிலும் அதையே செய்வார்கள். அங்கே அந்த ஒரு வாரத்துக்கே விலை உண்டு. இன்னொன்று, ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு உச்ச மதிப்பெண் கிடைப்பதில்லை. 80 என்பது ‘நல்லது, ஆனால் குறை இருக்கிறது’ என்பதல்ல. சொன்ன நாளில் கட்டுகிறார் என்று பொருள். அதற்கு மேலே ஏறச் சீக்கிரம் கட்ட வேண்டும், சீக்கிரம் கட்டக் கையில் ரொக்கம் வேண்டும். 80ஐப் பிடித்து வைத்திருப்பதே பெரும்பாலான சின்ன நிறுவனங்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

இரண்டாவது விதி இன்னும் முக்கியம்: எல்லா பில்லுக்கும் ஒரே எடை கிடையாது. தொகை பெரிதானால் எடையும் பெரிது.

அந்த அச்சகத்தின் கணக்கு

அச்சகம் மூன்று சப்ளையர்களிடம் கடனில் வாங்குகிறது. காகிதம் 8 லட்சம், மை 1 லட்சம், அச்சுத் தகடு 1 லட்சம். மூன்றுக்கும் 30 நாள் கெடு. அச்சகத்துக்கு வேலை கொடுக்கிற வாடிக்கையாளர்களோ 45, 50 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். அதனால் காகித பில் எப்போதும் 52ஆவது நாள் வாக்கில்தான் கட்டப்படுகிறது, அதாவது 22 நாள் தாமதம். மை பில் கெடுவன்று போய்விடுகிறது. தகடு பில் சின்னது என்பதால் வந்ததும் கட்டிவிடுகிறார், சராசரியாக 20 நாள் முன்னால்.

முதலாளியின் மனக்கணக்கில் இது நல்ல நிலைமை. மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தாமதமே இல்லையே. பேடெக்ஸ் கணக்கில் காகிதத்துக்கு 60, மைக்கு 80, தகட்டுக்கு 90. சும்மா கூட்டி மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட 77 வரும். எடை போட்டால் கதை மாறுகிறது. மொத்தம் 10 லட்சத்தில் காகிதம் 8 லட்சம், எனவே 60இல் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 48. மையிலிருந்து 8, தகட்டிலிருந்து 9. மொத்தம் 65. உண்மையான கணக்கீட்டில் இன்னும் நுணுக்கங்கள் உண்டு, அசல் எண் ஓரிரு புள்ளி விலகலாம். திசை இதுதான்.

இப்போது அதே அச்சகம் வரிசையை மாற்றுகிறது என்று பாருங்கள். முதலில் காகித பில்லைக் கெடுவன்று கட்டுகிறது, மையும் தகடும் 30 நாள் பிந்துகின்றன. காகிதத்திலிருந்து 64, மற்ற இரண்டிலிருந்தும் ஐந்தைந்து. மொத்தம் 74. இரண்டு சப்ளையர்களைக் காக்கவைத்தும் ஸ்கோர் 9 புள்ளி கூடியிருக்கிறது. சின்ன பில்களை முதலில் முடித்துவிட்டால் நிம்மதி என்கிற வழக்கம் இந்த ஸ்கோரில் எதிராக வேலை செய்கிறது.

அதற்காகச் சின்ன சப்ளையர்களைத் தவிக்கவிடச் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்த 1 லட்சமே பெரிய தொகையாக இருக்கலாம், அடுத்த முறை சரக்கு தராமல் போகலாம். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது.

அச்சகத்தின் உண்மையான சிக்கல் என்ன? பணம் 50ஆவது நாள் வருகிறது, கெடு 30ஆவது நாளில் முடிகிறது. 52ஆவது நாள் கட்டுவது தாமதமா இல்லையா என்பதை முடிவு செய்வது கெடு. கெடு 60 நாள் என்று இருந்தால், அதே 52ஆவது நாளில் கட்டும் அதே பணம் எட்டு நாள் முன்கூட்டியே கட்டியதாகிவிடும். காகிதத்துக்கு 80 என்று வைத்தாலே 64 வருகிறது, மையும் தகடும் பழையபடி 8, 9. மொத்தம் 81. ஒரு பைசா கூடுதலாகக் கட்டாமல், ஒரு நாள் முன்னதாகக்கூடக் கட்டாமல், 65இலிருந்து 81.

ஆகவே பெரிய சப்ளையரிடம் பேச வேண்டிய நேரம், முதல் பில் தாமதமாவதற்கு முன். ‘எங்களுக்குப் பணம் வருவது 50ஆவது நாள், 60 நாள் கெடு கொடுத்தால் சொன்ன நாளில் கட்டுவோம்’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் விலையில் கொஞ்சம் ஏற்றலாம், அல்லது 45 நாளுக்கு இறங்கி வரலாம். 45 நாள் கிடைத்தாலே 22 நாள் தாமதம் 7 நாளாகச் சுருங்குகிறது.

ஒப்புக்கொண்டது பில்லில் அச்சாகி வருகிறதா என்று பாருங்கள். போனில் ‘சரி, அடுத்த வாரம் கொடுங்கள்’ என்று அவர் சொல்வது நல்ல மனசு. ஆனால் ஸ்கோர் கணக்கிடும் கடன் தகவல் நிறுவனத்துக்கு, அதாவது பீரோவுக்கு, தகவலை அனுப்புவது அவருடைய கணக்கு மென்பொருள், அதற்கு அந்த போன் பேச்சு தெரியாது. கணினியில் 30 நாள் என்று இருந்தால் 31ஆவது நாளிலிருந்து தாமதம்தான்.

முதல் வேலை: கோப்பு இருக்கிறதா, ஒன்றுதானா

கணக்கு புரிந்துவிட்டது. இனி செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் உங்கள் தொழிலுக்குத் தனிக் கோப்பு இருக்க முடியுமா என்று பாருங்கள். ஒற்றை உரிமையாளர் தொழில் என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்களும் தொழிலும் ஒருவர்தான். பெயர்ப் பலகையில் வேறு பெயர் இருந்தாலும் கடன் உங்களுடையது. தொழில் பெயரில் சப்ளையர் விவரங்கள் சேரலாம். ஆனால் கடன் கொடுப்பவர் உங்களைப் பார்க்காமல் தொழிலை மட்டும் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பிரைவேட் லிமிடெட் போன்ற தனிச் சட்ட அமைப்பு இருந்தால்தான் கோடு தெளிவாகும். அதோடு நிறுவனத்தின் பெயரில் வரி எண், வங்கிக் கணக்கு, முகவரி எல்லாம் இருக்க வேண்டும்.

அடுத்து டன்ஸ் எண், அதாவது டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தரும் அடையாள எண். ஒன்பது இலக்கம், ஒவ்வொரு தொழில் இடத்துக்கும் ஒன்று, பேடெக்ஸ் இந்த எண்ணின் கீழ்தான் சேரும். இலவசமாகவே பெறலாம். விண்ணப்பிக்கும் முன் ஏற்கெனவே உங்கள் பெயரில் ஒன்று இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் தேடுங்கள். நீங்கள் கேட்காமலேயே ஏதாவது ஒரு சப்ளையரின் பட்டியலிலிருந்து அது உருவாகியிருக்கலாம்.

தேடும்போது பெயரை ஒரே வடிவத்தில் தேடி நிறுத்திவிடாதீர்கள். இரட்டைக் கோப்பு மிகச் சாதாரணம். ஒரு சப்ளையர் பெயரை முழுதாக எழுதியிருப்பார், இன்னொருவர் ‘பிரைவேட் லிமிடெட்’டை விட்டிருப்பார், மூன்றாமவரிடம் நீங்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய முகவரி இருக்கும். விளைவு, உங்கள் நல்ல பேமெண்ட்கள் இரண்டு கோப்புகளில் பிரிந்து கிடக்கும். பேடெக்ஸ் வரவே குறைந்தது இரண்டு சப்ளையர்களிடமிருந்து மூன்று பேமெண்ட் பதிவுகள் வேண்டும். ஒரு கோப்பில் இரண்டு, இன்னொன்றில் ஒன்று என்று நின்றால் இரண்டிலும் ஸ்கோர் வராது. ஒழுங்காகக் கட்டியும் ஸ்கோர் காலியாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரண்டு கோப்பும் ஒரே நிறுவனம் என்பதற்குப் பதிவுச் சான்றை அனுப்பி, இணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் எல்லா சப்ளையர்களிடமும் பெயரையும் முகவரியையும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோப்பு மறுபடியும் பிரியும்.

இரண்டாவது வேலை: கட்டுவது பதிவாகிறதா

தனிநபர் விஷயத்தில் இந்தக் கவலை கிடையாது. வங்கியும் கார்டு நிறுவனமும் வழக்கமாகத் தாங்களாகவே விவரம் அனுப்பிவிடும். சப்ளையர்கள் அப்படி அல்ல. பலர் எந்த பீரோவுக்கும் எதையும் அனுப்புவதில்லை, அனுப்ப வேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை. பத்து சப்ளையர்களுக்கு ஐந்து வருடம் நாள் தவறாமல் கட்டியிருக்கலாம், கோப்பில் ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம்.

எனவே கேட்டுவிடுங்கள். ‘எங்கள் பேமெண்ட் விவரத்தை எந்த பீரோவுக்காவது அனுப்புகிறீர்களா? எந்தப் பெயரில், எத்தனை நாள் கெடு என்று உங்கள் கணக்கில் இருக்கிறது?’ இதைக் கேட்க வேண்டியவர் விற்பனைப் பிரதிநிதி அல்ல, கணக்குப் பிரிவில் வரவு வைக்கிறவர். பிரதிநிதிக்கு இது பெரும்பாலும் தெரியாது. பெரிய சப்ளையர்கள் அனுப்ப வாய்ப்பு அதிகம். ஒரே பொருளை ஒரே விலைக்குத் தரும் இருவரில் ஒருவர் விவரம் அனுப்புகிறவர் என்றால், தொடக்கத்தில் அவரிடம் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஸ்கோருக்காகவே தேவையில்லாத பொருளை வாங்குவதில் அர்த்தம் இல்லை. அப்படி வாங்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறையச் சுற்றுகின்றன.

அனுப்புகிறவர் என்று தெரிந்தால், அவர் என்ன அனுப்புகிறார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பலர் அனுப்புவது மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் நிலுவைப் பட்டியல். அதில் உங்கள் பாக்கி, கெடுவுக்குள் இருப்பது, 1 முதல் 30 நாள் தாண்டியது, 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கும் மேல் என்று கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். பட்டியல் எடுத்த அன்று உங்கள் பில் மூன்று நாள் தாண்டியிருந்தாலும் அது 1 முதல் 30 கட்டத்தில்தான் விழும், 28 நாள் தாண்டியது போலவே. பல நிறுவனங்கள் மாதக் கடைசியில் எடுக்கும். எனவே மாத முடிவை ஒட்டிக் கெடு முடிகிற பெரிய பில் இருந்தால், அதை அடுத்த மாதம் முதல் வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

இன்னொரு தொல்லை, கட்டிய பணம் பில்லோடு சேராமல் போவது. வங்கி வழியாக மூன்று பில்லுக்குச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்புகிறீர்கள், எந்த பில் என்று குறிப்பிடவில்லை. சப்ளையர் கணக்கில் பணம் வந்துவிட்டது, ஆனால் எதற்கு என்று தெரியாததால் ஒதுக்கப்படாத வரவாக ஓர் ஓரத்தில் நிற்கிறது. மூன்று பில்லும் நிலுவையாகவே ஓடுகின்றன, பட்டியலும் அப்படியே போகிறது. நீங்கள் கட்டிவிட்டீர்கள், கோப்பு கட்டவில்லை என்கிறது. தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு அனுப்பும்போதும் இது நடக்கும். தொகை பொருந்தாததால் பில் மூடாமல் கிடக்கும். பணம் அனுப்பும்போதே குறிப்பில் பில் எண்ணைப் போடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் எந்த பில்லுக்கு எவ்வளவு, எதைக் கழித்தோம் என்று அன்றே ஒரு மெயில். சில மாதங்களுக்கு ஒரு முறை உங்கள் கணக்கு அறிக்கையைச் சப்ளையரிடமிருந்து வாங்கி உங்கள் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஸ்கோர் ஏன் இறங்கியது என்று தேடுகிறவர்கள் அந்த அறிக்கையிலேயே விடையைக் கண்டுபிடிப்பது வழக்கம்.

மூன்றாவது வேலை: தவறு வந்தால்

சரக்கில் பாதி நனைந்து வந்தது, அதனால் பில்லை நிறுத்தி வைத்தீர்கள். உங்கள் பக்கம் நியாயம்தான். ஆனால் நீங்கள் சும்மா நிறுத்தி வைத்தால் சப்ளையரின் கணினிக்கு அது தாமதம் மட்டுமே. கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள்: எந்த பில், எந்தச் சரக்கு, எவ்வளவு தொகைக்குத் தகராறு. தகராறு இல்லாத பகுதியைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். மீதிக்குக் கிரெடிட் நோட் கேளுங்கள், அது வரும்வரை அந்த பில்லைத் தகராறில் உள்ளது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

கோப்பில் ஏற்கெனவே தவறாக ஏறிவிட்டதென்றால் பில் நகல், பணம் போன நாள் தெரியும் வங்கி அறிக்கை, சப்ளையரிடமிருந்து ஒரு கடிதம் ஆகியவற்றோடு பீரோவுக்கு எழுத வேண்டும். சப்ளையர் கடிதம்தான் வேலையை முடிக்கும். உங்கள் சொல்லை மட்டும் வைத்து மாற்ற மாட்டார்கள். தனிநபர் கோப்புக்கு அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புகார் செய்தால் பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும், தகுந்த காரணம் இல்லாமல் யாரும் கோப்பைத் திறக்க முடியாது. நிறுவனக் கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு அங்கே இல்லை. டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் அறிக்கையைக் காசு கொடுத்தால் போட்டியாளரும் வாங்கிப் பார்க்கலாம், உங்கள் அனுமதி தேவையில்லை. உங்கள் நாட்டில் நிறுவனக் கோப்புக்குச் சட்டப் பாதுகாப்பு எவ்வளவு என்பதைத் தனியாக விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்த பிறகும் ஸ்கோர் மறுநாளே ஏறாது. பேடெக்ஸ் இரண்டு வருடம் வரையிலான பதிவுகளை எடுத்துக்கொள்கிறது. பழைய பெரிய தாமதம் ஒன்று உள்ளே இருக்கும்வரை, புதிய நல்ல பதிவுகள் சேரச் சேரத்தான் அதன் எடை குறையும்.

இரண்டு கோப்பும் எங்கே ஒட்டிக்கொள்கின்றன

இதுவரை இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தோம். நடைமுறையில் சின்ன நிறுவனங்களில் இவை இரண்டு இடங்களில் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று, முதலாளியின் சொந்த கார்டு. காகித பில்லுக்குப் பணம் போதவில்லை, சொந்தக் கிரெடிட் கார்டில் தேய்த்துக் கெடுவுக்குள் கட்டிவிடுகிறார். நிறுவனக் கோப்புக்கு இது நல்லது, கெடுவுக்குள் கட்டியதாகப் பதிவாகும். ஆனால் கார்டு வரம்பில் 80, 90 சதவீதம் நிரம்பியதாகத் தனிநபர் அறிக்கை காட்டும், அங்கே ஸ்கோர் இறங்கும். கார்டு பாக்கியை அடைத்ததும் பெரும்பாலும் மீண்டு வரும். ஒரு மாதம் இப்படிச் செய்தால் கவலையில்லை. மாதாமாதம் செய்தால், நிறுவனத்தின் பணச் சுழற்சிக் குறையை உங்கள் தனிநபர் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிற நேரத்தில் இது நடந்தால் வட்டியில் தெரியும்.

இன்னொன்று, சொந்த உத்தரவாதம். நிறுவனத்தின் பெயரில் கடன், கார்டு, சில நேரம் சப்ளையர் கணக்குக்கான படிவத்தில்கூட ஒரு பத்தி இருக்கும்: நிறுவனம் கட்டத் தவறினால் கையெழுத்துப் போடுகிறவர் தன் சொந்தப் பொறுப்பில் கட்டுவார் என்று. அதில் கையெழுத்துப் போட்டால், லிமிடெட் நிறுவனம் என்கிற பாதுகாப்பு அந்தக் கடனைப் பொறுத்தவரை போய்விட்டது. ஒழுங்காக ஓடும்வரை தனிநபர் கோப்பில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தவறினால் வசூல் உங்கள் பெயருக்கு வரும், அப்போது இரண்டு கோப்பும் சேர்ந்தே கெடும். இந்தியா போன்ற இடங்களில் உத்தரவாதம் கொடுத்த கடன் தொடக்கத்திலிருந்தே உங்கள் தனிநபர் அறிக்கையில் உத்தரவாதி என்ற குறிப்போடு வரலாம்.

புதிய நிறுவனத்துக்கு இதைத் தவிர்ப்பது கடினம். பதிவே இல்லாத நிறுவனத்தை நம்பி யாரும் கொடுக்க மாட்டார்கள், உங்கள் தனிநபர் ஸ்கோரைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். இது நியாயம்தான். ஆனால் தொடக்கத்தில் போட்ட கையெழுத்து ஐந்து வருடம் கழித்தும் அப்படியே இருக்க வேண்டியதில்லை. உத்தரவாதம் கொடுத்த கணக்குகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: யாரிடம், எவ்வளவு தொகைக்கு, எப்போது புதுப்பிக்க வருகிறது. இரண்டு வருடம் 80க்குக் கீழே இறங்காத பதிவு சேர்ந்ததும், புதுப்பிக்க வரும் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போய், உத்தரவாதத்தை முழுதாக நீக்கக் கேளுங்கள். மறுத்தால் ஒரு தொகைக்கு மேல் பொருந்தாது என்று வரம்பு வைக்கக் கேளுங்கள். வரம்புக்குச் சம்மதிப்பவர்கள் பலர் உண்டு, தாங்களாக முன்வந்து தருகிறவர்கள் இல்லை. நீக்கிவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, விடுவிப்புக் கடிதம் கையில் வாங்கிய பிறகே அந்த வரியைத் தாளில் அடியுங்கள்.